மண்டபம் பார்க்க வரும் நாளுக்கு வாசகம்: "800 பேர்" என்று போடலாமா?

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 11, காலை 10.20

ஆடி மாதம் மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. ஆகஸ்ட் 2 ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வைத்து, ஆவணிக்கும் தைக்கும் இடம் தேடுகிறவர்களை வந்து பார்க்கச் சொல்லலாம் என்று முதலாளி முடிவு செய்திருக்கிறார். படத்துக்குக் கீழே போட அவர் எழுதிக் கொடுத்த வாசகம் இது:

"ஓப்பன் ஹவுஸ்! 800 பேர் அமரலாம். விசாலமான கார் நிறுத்துமிடம். வெளி கேட்டரிங் அனுமதி. 1,000 வெள்ளி டெபாசிட் கட்டி உங்கள் தேதியைப் பிடியுங்கள்!"

மாடியில் உள்ள பெரிய கூடம் 100 அடிக்கு 60 அடி. கீழே இலை போட்டுச் சாப்பிடும் கூடம், 120 இருக்கை. கார் 90 நிறுத்தலாம். ஒரு வேளை வாடகை 8,500 வெள்ளி. வாசகத்தில் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம்?

பிறை அக்கா · ஜூலை 11, காலை 11.02

தீபாவளிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே, ஆகஸ்டில் என்ன ஓப்பன் ஹவுஸ்? சாப்பாடு எத்தனை மணிக்கு? பினாங்கிலிருந்து ஒரு வேன் எடுத்து வரலாமா?

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 11, காலை 11.15

அக்கா, இது விருந்து இல்லை. கல்யாணம் வைக்கப் போகிறவர்கள் மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கிற நாள்.

மேசை நாற்காலி வாடகைக்காரர் · ஜூலை 11, மதியம் 12.40

அக்கா கேட்டது நல்லதாப் போச்சு. நம்ம ஊரில் ஓப்பன் ஹவுஸ் என்றாலே முறுக்கும் பிரியாணியும்தான். அந்தச் சொல்லை மட்டும் பெரிசாப் போட்டால், பிள்ளைகளோடு நூறு பேர் சாப்பிட வந்து நிற்பார்கள், வெறுங்கையோடு அனுப்ப வேண்டி வரும். "மண்டபத்தைப் பார்வையிடும் நாள்" என்று போடுங்க. தேநீர் மட்டும்தான் என்றால் அதையும் எழுதுங்க.

அடுத்தது, அந்த 800 எங்கிருந்து வந்தது?

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 11, மதியம் 1.05

6,000 சதுர அடி. ஓர் ஆளுக்கு ஏழரை அடி என்று வகுத்திருக்கிறார் முதலாளி.

மேசை நாற்காலி வாடகைக்காரர் · ஜூலை 11, இரவு 9.30

அப்படி வகுத்தால் மேடை மேலேயும் ஆளை உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும். உங்க அளவை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

கூடத்தின் நீளம் 100 அடி. மணவறை மேடை 16 அடி ஆழம். மேடைக்கு முன்னால் படக்காரருக்கும் ஆரத்தி எடுப்பவர்களுக்கும் 8 அடி விட்டே ஆகணும். 76 அடி மிஞ்சுது. இரவு விருந்தென்றால் பின்பக்கம் பஃபே வரிசைக்கும் ஆள் நிற்கவும் 12 அடி போகும், மீதி 64. அகலம் 60 அடி, நடுவில் மணமக்கள் நடந்து வர 6 அடி. இரண்டு பக்கமும் 27 அடி.

பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசை 5 அடி. உட்கார்ந்த பிறகு நாற்காலி இரண்டு பக்கமும் ஒன்றரை அடி வெளியே வரும், ஆக 8 அடி. பரிமாறுகிறவர் நுழைய வேண்டாமா? அதனால் அகலவாக்கில் மேசை நடுவிலிருந்து அடுத்த மேசை நடுவுக்கு 9 அடி, நீளவாக்கில் 10 அடி. 27 அடிக்குள் மூன்று மேசை, இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. 64 அடிக்குள் ஆறு வரிசை. மொத்தம் 36 மேசை, 360 பேர்.

நாற்காலி மட்டும் போட்டால் கூடும். பின்னால் வரவேற்பு மேசைக்கும் வாசலுக்கும் 10 அடி, குறுக்குவழிக்கு 5 அடி விட்டால் 61 அடி. வரிசைக்கு 3 அடி வைத்தால் 20 வரிசை. ஓரத்தில் 4 அடி, நடுவில் 6 அடி வழி போக, ஒரு பக்கத்துக்கு 23 அடி. 20 அங்குல நாற்காலி 13 கொள்ளும். இரண்டு பக்கமும் 26, இருபது வரிசைக்கு 520.

ஆக உங்க மண்டபம் 360, இல்லையென்றால் 520. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் 800 வராது. அதோடு பொம்பா ஒப்புதல் கடிதத்தில் ஆள் எண்ணிக்கை இருந்தால் அதுதான் உச்சவரம்பு, நம்ம கணக்கு அதற்குக் கீழேதான் நிற்கணும்.

செராஸ் மாப்பிள்ளை · ஜூலை 11, இரவு 10.12

அண்ணே, எல்லா மண்டபமும் கூட்டித்தான் போடுறாங்க. பக்கத்தில் இருப்பவன் 1,000 என்று போடும்போது இவர் 360 என்று போட்டால் யார் வந்து பார்ப்பா? முதலில் உள்ளே வரவைக்கணும் லா, கணக்கை அப்புறம் பேசிக்கலாம்.

மேசை நாற்காலி வாடகைக்காரர் · ஜூலை 11, இரவு 10.40

அப்புறம் பேசுவது எப்போ தெரியுமா தம்பி? பத்திரிகை அடித்து 700 பேருக்குக் கொடுத்த பிறகு. நாங்கள் மேசை இறக்க வரும்போது பெண்ணின் அப்பா கையில் 70 மேசைக்குப் பட்டியல் இருக்கும். 36-க்கு மேல் போட்டால் நடுவழி அடைபடும், அடுத்து அவசரக் கதவு மறையும். அந்த நிமிஷத்தில் மண்டபக்காரர் பக்கம் ஒருத்தரும் பேச மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லிடுறேன். நடைபாதை அலங்காரம் இப்போ எல்லாரும் கேட்கிறார்கள், இரண்டு பக்கமும் பூத்தூண். 6 அடி வழி 12 அடியாகிவிடும். பக்கத்துக்கு 24 அடிதான் மிச்சம். மூன்று மேசைக்கு 27 வேணும், அதனால் இரண்டுதான் நிற்கும். ஆறு வரிசையில் 24 மேசை, 240 பேர். மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு மூன்று மேசை கூடச் சேர்க்கலாம், அதற்கு மேல் முடியாது. ஆறு அடிப் பூவுக்கு நூறு பேருக்கு மேல் இருக்கை போகுது. அலங்காரக்காரரிடம் பேசும் முன்பே குடும்பத்துக்கு இது தெரியணும்.

ஓய்வு பெற்ற கேட்டரர், கிள்ளான் · ஜூலை 12, காலை 6.50

மேசைக் கணக்கு சரி. காலை முகூர்த்தத்துக்குக் கணக்கே வேறு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே 520 நாற்காலி போட்டாலும், கீழே பந்திக்கு 120 இருக்கைதான் என்கிறீர்கள். மண்டபத்தின் அளவை அந்தக் கீழ்க்கூடம்தான் தீர்மானிக்கிறது.

ஒரு பந்தி உட்கார்ந்து எழ 35 நிமிடம். இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த இலை போட்டு, உப்பு ஊறுகாய் வைக்க 10 நிமிடம். தாலி கட்டி, அட்சதை போட்டு, கூட்டம் கீழே இறங்க 10.45 என்று வையுங்கள். நான்கு பந்தி முடிய 1.45, ஐந்தாவது பந்தி எழும்போது 2.20. மண்டபத்தை எத்தனை மணிக்குத் திரும்பக் கேட்கிறீர்கள்?

120 இருக்கை என்றால் 120 பேர் உட்காருவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். குடும்பமாகச் சேர்ந்து உட்கார இடம் பிடிப்பதில் அங்கங்கே ஒன்றிரண்டு காலியாகவே இருக்கும். ஒரு பந்திக்கு 105 என்று வைத்தால் ஏமாற மாட்டீர்கள். நான்கு பந்திக்கு 420. நான் எழுதினால் காலை முகூர்த்தத்துக்கு 400 பேர் என்றுதான் எழுதுவேன்.

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 12, காலை 8.15

காலை நிகழ்ச்சி 2 மணிக்கு முடியணும். 4 மணிக்கு இரவு நிகழ்ச்சியின் அலங்காரக்காரர் உள்ளே வருவார். ஐந்தாவது பந்தி இழுத்து அவர்கள் வாசலில் காத்து நிற்பது பலமுறை நடந்திருக்கிறது. சமையல்காரர்தான் தாமதம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

ஓய்வு பெற்ற கேட்டரர், கிள்ளான் · ஜூலை 12, காலை 8.40

சமையல்காரர் பாவம். அவர் ஒன்பதரைக்கே சாம்பாரை இறக்கியிருப்பார்.

செராஸ் மாப்பிள்ளை · ஜூலை 12, மதியம் 2.20

கார் கணக்கு மட்டும் சரியாகவே இருக்கு பாருங்க. ஒரு காருக்கு நாலு பேர், 360 பேருக்கு 90 கார். அச்சாய் உட்காருது.

மேசை நாற்காலி வாடகைக்காரர் · ஜூலை 12, மாலை 5.00

குடும்பமாய் வருகிற காலைக் கல்யாணத்துக்கு நாலு பேர் சரி. இரவு விருந்துக்கு அலுவலக நண்பர்கள் இரண்டிரண்டு பேராக வருவார்கள், சிலர் தனியாகவே வருவார்கள். நான் மூன்று என்றுதான் போடுவேன். 360-க்கு 120 கார். அதோடு அந்த 90-ல் கேட்டரிங் லோரி, அலங்கார வேன், நாதஸ்வரக்காரர் வண்டி, ஒலிபெருக்கிக்காரர் வண்டி எல்லாம் எங்கே நிற்கும்? பொறுப்பாளரே, ஒரு நடை கீழே போய்க் கோடு போட்ட இடத்தை மட்டும் எண்ணிப் பாருங்க. படத்தைப் பார்த்து எண்ணாதீங்க.

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 13, காலை 9.10

எண்ணினேன். கோடு போட்ட இடம் 76. மீதி 14 பின்பக்கச் சந்தில், ஒட்டி ஒட்டி நிறுத்துவது. அது பொம்பா வண்டி உள்ளே வரும் வழி, சுவரில் பலகையே இருக்கிறது. ஜாகா அதையும் நிறுத்துமிடமாகவே எண்ணிப் பழகிவிட்டார், நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். 76-ல் வேலை வண்டிகளுக்கு 6 ஒதுக்கினால் விருந்தினருக்கு 70.

மேசை நாற்காலி வாடகைக்காரர் · ஜூலை 13, காலை 9.45

70 காரில் 210 பேர். 360 பேர் வந்தால் 50 கார் தெருவுக்குப் போகும். அடுத்த வீட்டு வாசலை மறித்து நிற்கும், டிபிகேஎல் சம்மன் எழுதும், விருந்தினர் கோபத்தோடு சாப்பிட வருவார். பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடக்கும் பட்டறையோ கிடங்கோ இருக்கா? அதன் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினால், "கூடுதல் 50 கார்" என்று துணிந்து போடலாம். வாய்ப்பேச்சு ஒப்புதலை நம்பி வாசகத்தில் போடாதீங்க. அந்தக் கிடங்கு விற்றுப் போனால் உங்க வார்த்தையும் அதோடு போகும்.

பிறை அக்கா · ஜூலை 13, மதியம் 12.30

எத்தனை கார் என்று போடுறீங்களே, பஸ் எங்கே நிற்கும் என்றும் போடுங்க. தோட்டத்திலிருந்தும் வெளியூரிலிருந்தும் வரும் சொந்தக்காரங்க பஸ் வைத்துத்தான் வருவாங்க. இறக்கிவிட்டுப் போக இடம் இருந்தால் போதும். வயசானவங்க மாடி ஏற லிப்ட் இருக்கா?

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 13, மதியம் 12.50

லிப்ட் இருக்கிறது, எட்டுப் பேர் ஏறலாம். பஸ் முன்வாசலில் இறக்கிவிடலாம், நிறுத்த முடியாது. இரண்டையும் சேர்க்கிறேன்.

ஓய்வு பெற்ற கேட்டரர், கிள்ளான் · ஜூலை 13, இரவு 8.30

எனக்குத் தெரிந்த பக்கத்துக்கு வருகிறேன். "வெளி கேட்டரிங் அனுமதி" என்ற மூன்று சொல்லைப் படித்ததும் ஒருவர் அங்கேயே அடுப்பு மூட்டலாம் என்று நினைப்பார், இன்னொருவர் சமைத்துக் கொண்டுவந்து வைக்கலாம் என்று நினைப்பார். உங்கள் மண்டபத்தில் எது?

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 13, இரவு 8.45

சமைத்துக் கொண்டுவர வேண்டும். பின்கட்டில் சூடு பண்ணலாம், அப்பளம் பொரிக்கலாம். கேஸ் தோம்பு கட்டடத்துக்கு உள்ளே வரக்கூடாது. வெளிக் கேட்டரருக்கு 800 வெள்ளி கட்டணம் தனி.

ஓய்வு பெற்ற கேட்டரர், கிள்ளான் · ஜூலை 13, இரவு 9.20

அந்த 800 வாசகத்தில் இருந்தே ஆகணும். வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடித்த பிறகு இது தெரியவந்தால், ஒளித்து வைத்தார்கள் என்றுதான் குடும்பம் நினைக்கும்.

அடுத்தது மின்சாரம். மாடியில் விருந்து என்றால் உணவைச் சூடாக வைக்க மின் பாத்திரம் கொண்டுவருவார்கள், ஒன்று 2,000 வாட் இழுக்கும். சுவரில் உள்ள 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். ஒரே நீட்டிப்பு வயரில் இரண்டு பாத்திரத்தைச் சொருகினால் பிளக் பழுப்பேறும், ரப்பர் கருகின வாசனை வரும், அடுத்து பியூஸ் போகும். கூடவே மேடை விளக்கும் அணைந்தால், தாம்பூலத் தட்டு மாற்றும் நேரத்தில் இருட்டு. பஃபே பக்கத்துச் சுவரில் தனித்தனி மின்சுற்றில் உள்ள பிளக் எத்தனை என்று எண்ணி வையுங்கள். நான்கு இருந்தால் நான்கு பாத்திரம், மற்றதுக்கு எரிபொருள் டின் வைத்த தட்டு.

ஹோமம் வளர்க்கலாமா என்றும் கேட்பார்கள். கூரையில் புகை உணர்கருவி இருந்தால் நெய்யும் சமித்தும் சேர்ந்த புகை அதைக் கட்டாயம் எழுப்பும். குருக்கள் வருவதற்கு முன்பே யார் அந்தப் பகுதியை நிறுத்தி வைப்பார், முடிந்ததும் யார் திரும்பப் போடுவார் என்று ஓர் ஆளை வைத்திருக்கிறீர்களா?

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 13, இரவு 9.50

இருக்கிறார், பராமரிப்புத் தம்பி. ஒரு முறை திரும்பப் போட மறந்து மூன்று நாள் அப்படியே கிடந்தது. இனி சாவிப் புத்தகத்தில் அதற்கும் கையெழுத்து வைக்கப் போகிறேன்.

சாப்பாடு பற்றி முதலாளி இன்னொரு வரி சேர்க்கச் சொல்கிறார்: "ஹலால் உணவு மட்டும்". முஸ்லிம் நண்பர்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு உதவியாக இருக்கும் என்கிறார்.

ஓய்வு பெற்ற கேட்டரர், கிள்ளான் · ஜூலை 13, இரவு 10.10

அந்த வரியைப் போடாதீர்கள். சான்றிதழ் இல்லாமல் ஹலால் என்று விளம்பரம் செய்வது 2011 முதல் இருக்கும் உத்தரவின்படி குற்றம். சான்றிதழ் கேட்டரர் பெயரில்தான் இருக்கும், உங்கள் மண்டபத்துக்கு இல்லை. "பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி அனுமதி இல்லை" என்று உங்கள் விதியைப் போடலாம். "ஹலால் சான்றிதழ் பெற்ற கேட்டரரை நீங்களே அழைத்து வரலாம்" என்றும் போடலாம்.

பீர் அனுமதி உண்டென்றால் அதையும் போடுங்கள். ஹலால் கேட்டரர் பலர் மது பரிமாறும் இடத்தில் தங்கள் பாத்திரத்தை இறக்கத் தயங்குவார்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது தெரியவந்தால் குடும்பம் தவித்துப் போகும்.

வருகிற வேலையாட்களிடம் டைபாய்டு ஊசி அட்டையும் உணவு கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்டு வாங்கி வையுங்கள். இது வாசகத்துக்கு இல்லை, உங்கள் கோப்புக்கு.

பிறை அக்கா · ஜூலை 14, காலை 7.40

மிச்சச் சாப்பாட்டைத் தாப்பாவ் பண்ணலாமா?

ஓய்வு பெற்ற கேட்டரர், கிள்ளான் · ஜூலை 14, காலை 8.05

பாத்திரத்தில் சூட்டோடு மூடி இருந்ததைக் கொடுக்கலாம். பஃபேயில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திறந்து கிடந்ததை நான் கொடுக்கவே மாட்டேன். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

பிறை அக்கா · ஜூலை 14, காலை 8.30

அந்த "டெபாசிட்" விஷயத்தையும் பேசுங்க. என் மகன் கல்யாணத்துக்கு பட்டர்வொர்த் பக்கம் ஒரு மண்டபத்தில் 2,000 வெள்ளி டெபாசிட் கட்டினோம். நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளில் மாமா தவறிட்டார், அந்த வருஷம் கல்யாணம் வைக்க முடியாது. தேதி மாற்றக் கேட்டோம், மாட்டேன்னுட்டாங்க. பணத்தைக் கேட்டோம், அது டெபாசிட் இல்லை, முன்பணம் என்றாங்க. ரசீதைப் பார்த்தால் டெபாசிட் என்றுதான் அச்சடிச்சிருக்கு.

செராஸ் மாப்பிள்ளை · ஜூலை 14, காலை 9.15

அக்கா, வருத்தமான விஷயம்தான். ஆனால் சட்டப்படி முன்பணம் கட்டினால் திரும்ப வராது. எங்கேயும் அப்படித்தான். மண்டபக்காரர் எவ்வளவு வாங்கியிருந்தாலும் வைத்துக்கொள்ளலாம்.

வக்கீல் அலுவலகக் குமாஸ்தா · ஜூலை 14, இரவு 7.30

மாப்பிள்ளை சொன்னதில் பாதி சரி. தேதியை உறுதி செய்யக் கட்டிய முன்பணத்தை, ரத்து செய்தவருக்குத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம். "எவ்வளவு வாங்கியிருந்தாலும்" என்பதுதான் தவறு. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு நியாயமான அளவு என்றுதான் சொல்கிறது. 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் பறிமுதல் செய்யும் முன்பணத்துக்கும் அந்த அளவுகோலே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மண்டபக்காரர் ஒவ்வொரு காசுக்கும் நட்டம் காட்ட வேண்டியதில்லை. தொகை நியாயமற்றது என்று காட்ட வேண்டியது ரத்து செய்தவர். 8,500 வெள்ளி வாடகையில் 1,000 என்றால் வாதாடுவது கடினம். முழு வாடகையையும் ஓராண்டுக்கு முன்பே வாங்கி, எட்டு மாதம் முன்னால் ரத்தான தேதியை வேறு ஒருவருக்கு விற்று, பழைய பணத்தையும் வைத்துக்கொண்டால் கதை வேறு. 50,000 வெள்ளிக்கு உட்பட்ட வழக்கைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு வக்கீல் இல்லாமலே கொண்டுபோகலாம், மூன்று வருடத்துக்குள்.

வாசகத்துக்கு வருவோம். மண்டபத்தில் இரண்டு வகைப் பணம் வாங்குகிறார்கள். ஒன்று தேதியைப் பிடிக்கும் பணம், வாடகையில் கழியும். மற்றது நாற்காலி உடைந்தால், சுவரில் ஆணி அடித்தால் பிடித்துக்கொள்ள வாங்கும் பணம், சேதம் இல்லையென்றால் திரும்பும். இரண்டையும் "டெபாசிட்" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால்தான் அக்காவுக்கு நடந்தது நடக்கிறது. முதலாவதை முன்பணம் என்றும் இரண்டாவதைச் சேத வைப்புத்தொகை என்றும் எழுதுங்கள். ரசீதிலும் அதே சொல் வரட்டும்.

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 15, காலை 10.00

எங்கள் முறை இது: முன்பணம் 1,000. மூன்று மாதத்துக்கு முன் பாதி வாடகை வரை கட்டணும், அதாவது இன்னும் 3,250. மீதி 4,250 ஒரு மாதத்துக்கு முன். சேத வைப்புத்தொகை 1,000 அந்தக் கடைசித் தவணையோடு, நிகழ்ச்சி முடிந்து 14 நாளில் திரும்பும். ஆக, கடைசி மாதம் குடும்பம் 5,250 கட்டணும். இத்தனையும் ஒரு படத்துக்கடியில் எழுதினால் யார் படிப்பார்கள்?

வக்கீல் அலுவலகக் குமாஸ்தா · ஜூலை 15, மதியம் 1.15

தவணை முழுவதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வாசகத்தில் மூன்று போதும்: இன்று எவ்வளவு, அது திரும்புமா, மொத்தம் எவ்வளவு. தேதி மாற்றத்துக்கு என்ன வழி என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. நம் வீடுகளில் துக்கம் நேர்ந்தால் கல்யாணம் தள்ளிப்போகும், அதைக் குற்றம் போல நடத்தாத மண்டபத்தைத்தான் ஆட்கள் தேடுகிறார்கள்.

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 15, மாலை 6.40

முதலாளியிடம் பேசினேன். ஆறு மாதத்துக்கு முன் சொன்னால் ஒருமுறை இலவசமாகத் தேதி மாற்றலாம் என்று ஒத்துக்கொண்டார். நெருங்கிய குடும்பத்தில் மரணம் என்றால் ஆறு மாதம் என்ற கட்டும் இல்லை, ஆனால் ஓராண்டுக்குள் வேறு தேதி எடுக்கணும்.

பிறை அக்கா · ஜூலை 15, இரவு 7.00

ஓராண்டுக்குள் என்றால் எங்க பக்கம் கஷ்டம். வருஷத் திதி முடிந்தால்தான் நல்ல காரியம் தொடங்குவோம். பதினெட்டு மாசம் கேளுங்க தம்பி.

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 16, காலை 9.30

அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். பதினெட்டு மாதத்துக்குச் சம்மதம். பக்கத்துக் கிடங்கு உரிமையாளரும் ஓராண்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், ஞாயிறு மட்டும். இப்போதைய வாசகம்:

"மண்டபத்தைப் பார்வையிடும் நாள். ஆகஸ்ட் 2, ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை, செந்தூல். தேநீர் உண்டு.

இரவு விருந்து: 36 மேசை, 360 பேர். அகன்ற நடைபாதை அலங்காரம் வைத்தால் 240. காலை முகூர்த்தம்: 400 பேர், கீழ்க்கூடத்தில் பந்திக்கு 120 இருக்கை. லிப்ட் உண்டு.

விருந்தினருக்கு 70 கார். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கிடங்கில் மேலும் 50. பஸ் முன்வாசலில் இறக்கிவிடலாம், நிறுத்த இயலாது.

உங்கள் கேட்டரரை அழைத்து வரலாம், கட்டணம் 800 வெள்ளி. சமைத்துக் கொண்டுவர வேண்டும், பின்கட்டில் சூடாக்கலாம். கட்டடத்துக்குள் கேஸ் இல்லை. பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி இல்லை. பீர் இரவு விருந்தில் மட்டும். ஹோமம் வளர்ப்பதை ஒரு வாரம் முன் சொல்லவும்.

ஒரு வேளை வாடகை 8,500 வெள்ளி. தேதியை உறுதி செய்ய முன்பணம் 1,000 வெள்ளி: வாடகையில் கழியும், ரத்து செய்தால் திரும்பாது. ஆறு மாதத்துக்கு முன் ஒருமுறை தேதி மாற்றலாம், வீட்டில் துக்கம் என்றால் எப்போதும் மாற்றலாம், பதினெட்டு மாதத்துக்குள் வேறு தேதி எடுக்க வேண்டும். சேத வைப்புத்தொகை 1,000 வெள்ளி தனி, 14 நாளில் திரும்பும். நிறுவனக் கணக்கில் மட்டும் செலுத்தி ரசீது பெறவும்."

செராஸ் மாப்பிள்ளை · ஜூலை 16, காலை 10.05

வாடகையைப் போடாதீங்க. போட்டி மண்டபம் பார்த்து 8,000 என்று இறக்கும். விலை கேட்டு அழைக்கட்டும், அப்போதுதான் பேச்சுத் தொடங்கும்.

வக்கீல் அலுவலகக் குமாஸ்தா · ஜூலை 16, காலை 10.30

விலை இல்லாமல் முன்பணத்தை மட்டும் போட்டால், 1,000 கட்டிவிட்டு மொத்தத்தைக் கேட்டுத் திகைப்பார்கள். நான் போடுவேன். வரி சேர்த்த விலையா சேர்க்காத விலையா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இதையே பேனராக அடித்துத் தெருவில் கட்டப் போகிறீர்கள் என்றால் டிபிகேஎல் அனுமதி வாங்கணும், மலாயும் இருக்கணும்.

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 16, காலை 11.20

விலை பற்றி முதலாளியும் மாப்பிள்ளை கட்சிதான். பேசிக்கொண்டிருக்கிறோம். பேனர் இப்போதைக்கு வேண்டாம்.

மேசை நாற்காலி வாடகைக்காரர் · ஜூலை 16, மாலை 4.15

அன்றைக்குக் கூடத்தைக் காலியாக வைக்காதீங்க. காலிக் கூடம் யார் கண்ணுக்கும் 800 பேர் கொள்ளுகிற மாதிரிதான் தெரியும். ஒரு பக்கம் 27 அடியில் மூன்றுக்கு மூன்று ஒன்பது மேசை போட்டு நாற்காலியை வெளியே இழுத்து வைங்க. மறு பக்கம் 12 அடி நடைபாதைக்குத் தரையில் நாடா ஒட்டி, இரண்டு மேசை மட்டும் நிற்பதைக் காட்டுங்க. வருகிறவர்கள் நடுவில் நடந்து பார்க்கட்டும். மேசை நான் கொண்டு வர்றேன், வாடகை வேண்டாம், லோரிச் செலவு மட்டும் கொடுங்க.

ஓய்வு பெற்ற கேட்டரர், கிள்ளான் · ஜூலை 16, இரவு 8.50

2 மணிக்கு மண்டபத்தைக் காலி செய்யணும் என்பது வாசகத்தில் இல்லை. 400 பேர் என்ற எண்ணே அந்த மணியை வைத்துத்தான் வந்தது. 3 மணி வரை விட்டால் ஐந்தாவது பந்தி உட்காரும், 500 பேர் என்று போடலாம்.

செந்தூல் மண்டபப் பொறுப்பாளர் · ஜூலை 17, காலை 9.05

"காலை 6 முதல் மதியம் 2 வரை" என்று சேர்த்துவிட்டேன். 3 மணிக்கு முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை, துப்புரவுக்கு இரண்டு மணி நேரம் வேணும் என்கிறார். கீழ்க்கூடத்தில் இன்னொரு வரிசை நீள மேசை போட்டு 150 ஆக்க முடியுமா என்று நாளை அளந்து பார்க்கிறேன். நடுவில் ஒரு தூண் இடிக்கிறது.

மேசை நாற்காலி வாடகைக்காரர் · ஜூலை 17, காலை 9.20

தூணுக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி என்று அளந்து சொல்லுங்க. இலை மேசை ஒன்றரை அடி, உட்காரும் ஆளுக்கு இரண்டு, பரிமாறுகிறவர் வாளியோடு போக மூன்று. ஆறரை இருந்தால் வரிசை நிற்கும்.